வீட்டு நோட்புக்குக்கு எந்த வாசல்?

வீட்டுக் கணினியில் ஓடும் ஜூபிட்டர் நோட்புக்கை வெளியூரிலிருந்து திறக்க வழி தேடுகிறவர் கையில் முதலில் சிக்குவது பெரும்பாலும் இந்த ஒரு வரிதான்:

```
jupyter lab --ip=0.0.0.0 --port=8888
```

ரவுட்டருக்கு வரும் 8888 போர்ட்டை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடுங்கள் என்ற அறிவுரையும் கூடவே வரும். ரவுட்டருக்குப் பொது முகவரி இருக்கும் வீட்டில் இரண்டையும் செய்தால் வேலை நடக்கும். நடக்கிறது என்பதாலேயே இந்த வரி கைமாறிக்கொண்டே இருக்கிறது. இதையும், இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் மூன்று வழிகளையும் எடைபோட்டு, ஒரு வீட்டுக்கு எது தகும் என்று சொல்வதுதான் இங்கே என் நோக்கம். வீடு என்று நான் சொல்வது ஒரு குறிப்பிட்ட வீட்டை. திருநெல்வேலியில் மாடியறையில் கிராபிக்ஸ் கார்டு பொருத்திய மேசைக் கணினி, அதில் உபுண்டு. அதைத் திறக்க வேண்டியது சென்னையில் வாடகை அறையிலிருக்கும் என் மடிக்கணினி. திறப்பவர் நான் ஒருவன்தான்.

எடைக்கல்லை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஜூபிட்டர் பிரவுசரில் தெரிவதால் அதை ஒரு வலைப்பக்கம் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அது பிரவுசருக்குள் திறக்கும் கட்டளைத் திரை. ஒரு செல்லில் `!` போட்டு எந்த லினக்ஸ் கட்டளையையும் ஓட்டலாம். மெனுவிலேயே டெர்மினலும் இருக்கிறது. உள்ளே வந்தவர் நோட்புக்கோடு நிற்க வேண்டியதில்லை. அதை ஓட்டும் பயனர் எதையெல்லாம் தொட முடியுமோ அதையெல்லாம் அவரும் தொடலாம்: குடும்பப் படங்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், மற்றக் கணினிகளுக்கான சாவிகள் எல்லாம் அதில் அடங்கும். 2022இல் ஆக்வா செக்யூரிட்டி ஆய்வாளர்கள் பதிவுசெய்த தாக்குதல் இப்படித்தான் நடந்தது. பூட்டில்லாமல் இணையத்தில் கிடந்த ஜூபிட்டருக்குள் நுழைந்தவர் டெர்மினலைத் திறந்து, கோப்புகளை மறையாக்கம் செய்யும் ஒரு பைத்தான் நிரலை அங்கேயே எழுதி ஓட்டினார். எந்த ஓட்டையையும் துளைத்து அவர் வரவில்லை. ஜூபிட்டர் எதற்காக இருக்கிறதோ அதைத்தான் பயன்படுத்தினார்.

ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பவை இரண்டு கேள்விகள். தான் யாரென்று நிரூபிக்கும் முன்பே ஓர் அந்நியர் எந்த மென்பொருள்வரை வந்து தொட முடிகிறது? வாசலின் சாவி யார் கையில் இருக்கிறது? வேகமும் வசதியும் இவற்றுக்குப் பிறகுதான்.

போர்ட்டைத் திறந்துவிடும் முதல் வழி முதல் கேள்வியிலேயே தோற்கிறது. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக அல்ல. "ஜூபிட்டரில் பூட்டே இல்லை" என்பது பழைய கதை. 2016 இறுதியில் வந்த 4.3 பதிப்பிலிருந்தே, கடவுச்சொல் வைக்காவிட்டாலும், தொடங்கும்போதெல்லாம் ஒரு நீண்ட டோக்கனை அதுவே உருவாக்கிக் கேட்கிறது. அந்த டோக்கனை யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. சிக்கல் டோக்கன் போகும் பாதையில் இருக்கிறது. மேலே கண்ட கட்டளை வெறும் `http`. விடுதி வைஃபையில் உட்கார்ந்து திறந்தால், டோக்கனும் அதற்குப்பின் தட்டும் ஒவ்வொரு வரியும் நடுவில் இருப்பவர் படிக்கும்படி போகும். இதற்கு மாற்றாக, முறையான சான்றிதழ் வாங்கி `https` போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் பாதை மூடப்படுவது உண்மை. ஆனால் வாசலில் நிற்பது அப்போதும் ஜூபிட்டர்தான். இந்த வாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுவே. ஜூபிட்டர் சர்வரிலும் அவ்வப்போது பாதுகாப்புக் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தம் வருகிறது. அந்தத் திருத்தத்தை நாம் உடனே போடுகிறோமா? பயிற்சி நடந்துகொண்டிருக்கும் மாடல் ஒன்று, குறிப்பிட்ட பதிப்புகளோடு கட்டிய சூழல் ஒன்று, எதையாவது புதுப்பித்தால் ஏதாவது உடையும் என்ற அச்சம். இதனால் கணினியிலேயே மிகத் தயங்கித் தயங்கிப் புதுப்பிக்கும் மென்பொருள் இதுவாகத்தான் இருக்கும். அதையே காவலுக்கு நிறுத்தக் கூடாது.

இன்னொரு தடை நடைமுறையில் இருக்கிறது. பல வீட்டு இணைப்புகளுக்கு இன்று சொந்தமான பொது முகவரி கிடைப்பதில்லை. ஒரே பொது முகவரியை நிறுவனம் பல வீடுகளுக்குப் பகிர்கிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிப்பக்க ஐபி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால் அந்தப் பகிர்வுக்குள் இருக்கிறீர்கள் என்று பொருள். வேறு எண்ணாக இருந்தாலும், இணையத்தில் "என் ஐபி என்ன" என்று பார்க்கும்போது வருவதோடு அது ஒத்துப்போகாவிட்டால் அநேகமாக அதே நிலைதான். அங்கே ரவுட்டரில் எதைத் திருப்பிவிட்டாலும் வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. என் வீடும் இப்படித்தான்.

இரண்டாவது வழி, கிளவுட்ஃப்ளேர், என்கிராக் போன்றவை தரும் சுரங்கச் சேவை. வீட்டுக் கணினி வெளியே நோக்கி ஓர் இணைப்பை ஏற்படுத்தி வைத்துக்கொள்ளும். நாம் அவர்கள் தரும் முகவரியைப் பிரவுசரில் திறப்போம். பொது முகவரி தேவையில்லை. மடிக்கணினியில் எதையும் நிறுவ வேண்டாம் என்பது இதன் உண்மையான பலம். அலுவலகம் பூட்டி வைத்திருக்கும் மடிக்கணினி மட்டுமே கையில் இருப்பவருக்கு வேறு வழி கிடைப்பது அரிது. ஆனால் வழக்கமான அமைப்பில் `https` மறையாக்கம் அவர்களுடைய சர்வரில் முடிந்து, அங்கிருந்து மறுபடி தொடங்குகிறது. இடையில் நம் செல்களும் விடைகளும் திறந்த நிலையில் கடக்கின்றன. இரண்டாம் கேள்விக்கு இது கொடுக்கும் பதில்: சாவியில் ஒரு பிரதி அவர்களிடம். முகவரி நீளமாக, ஊகிக்க முடியாததாக இருப்பதைப் பூட்டு என்று நம்பவும் கூடாது. முகவரி அரட்டைகளில் ஒட்டப்படும். பிரவுசர் வரலாற்றில் தங்கும்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. ஜூபிட்டர் 127.0.0.1இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, வரும் கோரிக்கையின் `Host` பெயர் `localhost` போன்ற உள்ளூர்ப் பெயர்தானா என்று பார்க்கும். வேறு பெயர் வந்தால் 403 என்று திருப்பி அனுப்பும். ஏதோ ஒரு வலைத்தளம் நம் பிரவுசரையே ஏவி உள்ளூர் ஜூபிட்டரைத் தொடாமல் இருக்கத்தான் இந்தத் தடை. சுரங்கச் சேவையில் வெளிப்பெயர் வருவதால் 403 வரும். எரிச்சலில் `allow_remote_access` என்பதை `True` ஆக்குவார்கள். டோக்கன் கேட்பதும் தொல்லையாகி அதையும் காலியாக்கியவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சேவையின் உள்நுழைவுப் பூட்டை முன்னால் போட்டிருந்தால் இது தாங்கும். போடாமல் இவ்வளவும் செய்தால், இரண்டு கட்டளைகளில் முதல் வழியைவிட மோசமான இடத்துக்கு வந்துவிடுகிறோம். அந்தப் பூட்டோடு இந்த வழி தேர்ச்சி பெறும். சிறப்பு என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, எஸ்எஸ்எச். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து தாத்து இலோனன் எழுதியது இது. நம்முடைய தேவையும் அதே இடத்தில் பிறந்ததுதான்: நம்ப முடியாத பாதை, நம்ப வேண்டிய கணினி. ஜூபிட்டரை 127.0.0.1ஐ விட்டு நகர்த்தவே வேண்டாம். வீட்டில்:

```
tmux new -s nb
jupyter lab --no-browser --ip=127.0.0.1 \
  --port=8888 --ServerApp.port_retries=0
```

மடிக்கணினியில்:

```
ssh -N -L 8899:127.0.0.1:8888 naan@veedu
```

மடிக்கணினியின் 8899 போர்ட்டுக்கு வருவதையெல்லாம் மறையாக்கி எடுத்துப்போய், வீட்டுக் கணினி தன்னுடைய 8888க்குத் தானே பேசுவதுபோல் கொடு என்பதே இதன் பொருள். பிரவுசரில் `http://localhost:8899` என்று திறக்கிறோம். `Host` பெயர் உள்ளூர்ப் பெயராகவே இருப்பதால் 403 தொல்லை இல்லை. ஜூபிட்டரின் ஒரு காவலையும் தளர்த்த வேண்டியதில்லை. மடிக்கணினிப் பக்கமும் 8899 தன் 127.0.0.1இல் மட்டுமே திறக்கும் என்பதால் அதே வைஃபையில் இருக்கும் வேறொருவர் அதைத் தொட முடியாது. அந்நியர் வந்து தொடக்கூடிய மென்பொருள் இப்போது `sshd` மட்டும். அது உபுண்டுவின் வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளோடு தானாகத் திருத்தப்படுகிறது; நம் பைத்தான் சூழலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இதுவரை வந்த இரண்டு வழிகளிலும் இல்லை.

ஒரு நிபந்தனை உண்டு. கடவுச்சொல்லால் நுழைவதை மூட வேண்டும். சாவி மட்டுமே செல்ல வேண்டும். `PasswordAuthentication no` என்று அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டு மூடிவிட்டோம் என்று நம்புவதுதான் இங்கே வழக்கமான தவறு. `sshd` ஓர் அமைப்பை முதலில் எங்கே பார்க்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் `/etc/ssh/sshd_config.d/` அடைவில் இருக்கும் துண்டுக் கோப்புகள் முன்னதாகப் படிக்கப்படுவதால், அங்கே `yes` என்று ஒரு வரி இருந்தால் நாம் எழுதிய `no` செல்லாது. எழுதியதைப் பார்க்காமல், நடப்பதைக் கேட்க வேண்டும்:

```
sudo sshd -T | grep -i passwordauth
```

எஸ்எஸ்எச்சின் குறை பாதுகாப்பில் இல்லை. பொது முகவரி இல்லாத என் வீட்டை அது எட்டவே முடியாது என்பதுதான் குறை. எட்ட முடிந்த வீடுகளிலும் 22ஆம் போர்ட்டைத் திறந்து வைத்தால் நாள் முழுதும் யார் யாரோ தட்டிப் பார்ப்பது பதிவில் நிறையும். சாவி மட்டுமே செல்லும் என்றால் அவற்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான்காவது, டெயில்ஸ்கேல். இது வயர்கார்டு என்ற விபிஎன் நெறிமுறையின்மேல் கட்டியது. வயர்கார்டு 2020இல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. இரண்டு கணினிகளிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் இருந்தாலும் அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளும். நேரடிப் பாதை கிடைத்தால் `tailscale status` அந்த வரியில் `direct` என்று காட்டும். கிடைக்காவிட்டால் `relay` என்று காட்டும். அப்போது இடைச்சர்வர் வழியாகச் சற்று மெதுவாகப் போகும். மறையாக்கச் சாவி நம் இரு கணினிகளிலும் மட்டும் இருப்பதால் இடைச்சர்வரால் எதையும் படிக்க முடியாது. சுரங்கச் சேவைக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான்.

அப்படியானால் டெயில்ஸ்கேல் மட்டும் போதாதா, அதற்குள் எஸ்எஸ்எச் எதற்கு என்று கேட்பது நியாயம். மறையாக்கத்தின்மேல் மறையாக்கம் வீண் என்று முதலில் நானும் நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது இரண்டாம் கேள்வி. எந்தெந்தக் கணினிகள் என் வலையில் இருக்கின்றன என்ற பட்டியலை வைத்திருப்பது அந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்புச் சர்வர். வலைக்குள் நுழையும் உரிமை நான் பயன்படுத்தும் மின்னஞ்சல் கணக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கு பறிபோனால், பறித்தவர் தன் கணினியை என் வலையில் சேர்த்துவிடலாம். ஜூபிட்டரை டெயில்ஸ்கேல் முகவரியில் திறந்து வைத்திருந்தால் அவர் நேராக வந்து நிற்பது ஜூபிட்டரின் வாசலில். 127.0.0.1இல் பூட்டி வைத்திருந்தால் அவர் சந்திப்பது சாவி கேட்கும் `sshd`ஐ. அந்தச் சாவி மின்னஞ்சலில் இல்லை. என் மடிக்கணினியில், அதுவும் ஒரு கடவுத்தொடருக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு பூட்டுகள் இருப்பதால் மட்டும் இதற்கு மதிப்பு வந்துவிடவில்லை. அவற்றின் சாவிகள் வெவ்வேறு கைகளில் இருப்பதால் வருகிறது. இதே காரணத்தால், டெயில்ஸ்கேலே தரும் எஸ்எஸ்எச் வசதியை இங்கே நான் பயன்படுத்துவதில்லை. அது எஸ்எஸ்எச் சாவியின் பொறுப்பையும் டெயில்ஸ்கேல் கணக்கிடமே ஒப்படைத்துவிடுகிறது; இரண்டு கைகள் ஒன்றாகிவிடுகின்றன.

என் தீர்ப்பு இதுதான்: ஜூபிட்டர் 127.0.0.1ஐ விட்டு அசையக் கூடாது. வாசல்காவல் எஸ்எஸ்எச் சாவிக்கு. வீட்டை எட்டுவதற்கு மட்டும் டெயில்ஸ்கேல். பொது முகவரி இருக்கும் வீட்டுக்கும் இதையே சொல்வேன், ரவுட்டரில் ஒரு போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை என்பதால். மடிக்கணினியில் எதையும் நிறுவ முடியாதவருக்கு மட்டும் உள்நுழைவுப் பூட்டோடு கூடிய சுரங்கச் சேவை. முதல் வழியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மடிக்கணினியின் `~/.ssh/config` கோப்பில் இது நிரந்தரமாக இருக்கிறது:

```
Host veedu
    User naan
    LocalForward 8899 127.0.0.1:8888
    ExitOnForwardFailure yes
    ServerAliveInterval 30
```

நான்காவது வரி சின்னதாகத் தெரியும், ஆனால் அது இல்லாமல் ஒரு மாலையே எனக்கு வீணானது. அப்போது இரண்டு பக்கமும் 8888ஐயே வைத்திருந்தேன். மடிக்கணினியிலும் ஒரு ஜூபிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. `bind [127.0.0.1]:8888: Address already in use` என்று ஒரு வரி மின்னி மேலே போனது, எஸ்எஸ்எச் மட்டும் இணைந்துகொண்டது. பிரவுசரில் திறந்தது மடிக்கணினியின் ஜூபிட்டர். அது வீட்டு டோக்கனை ஏற்க மறுக்க, நான் வீட்டு அமைப்பில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். `ExitOnForwardFailure yes` இருந்தால் இணைப்பே நின்றுவிடும், ஏமாற இடமில்லை. இதன் மறுபக்கம், `channel 3: open failed: connect failed: Connection refused` என்ற வரி. சுரங்கம் சரியாக இருக்கிறது, அதன் வீட்டு முனையில் ஜூபிட்டர் இல்லை என்று பொருள். 8888 ஏற்கெனவே பிடிபட்டிருந்தால் ஜூபிட்டர் தானாகவே 8889க்கு நகரும் வழக்கம் உடையது. `port_retries=0` போட்டது அதைத் தடுக்கத்தான்.

ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டில் உட்கார்ந்தே முடிக்க வேண்டியவை மூன்று. `ss -tln` கொடுத்துப் பார்த்தால் 8888க்கு எதிரே `127.0.0.1:8888` என்றிருக்க வேண்டும். `0.0.0.0` அல்லது `*` இருந்தால் பழைய அமைப்புக் கோப்பு ஏதோ மிச்சம் இருக்கிறது. `ssh-keygen -lf /etc/ssh/ssh_host_ed25519_key.pub` காட்டும் கைரேகையைக் குறித்துவைத்துக்கொண்டால், மடிக்கணினி முதல்முறை "இந்தக் கணினியை நம்பலாமா" என்று கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு `yes` தட்ட வேண்டியதில்லை. மூன்றாவது, வீட்டு வைஃபையைத் துண்டித்துவிட்டு கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக முழுவதையும் ஒருமுறை திறந்து பார்ப்பது. வீட்டுக்குள்ளிருந்து செய்யும் சோதனை வெளியூரைப் பற்றி எதுவும் சொல்லாது. டெயில்ஸ்கேலில் கணினியின் சாவி வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். வீட்டுக் கணினிக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிர்வாகப் பக்கத்தில் நிறுத்திவைக்காவிட்டால், ஏழாவது மாதத்தில் அதைத் திரும்ப அங்கீகரிக்க யாராவது நேரில் போய் உட்கார வேண்டிவரலாம்.

இந்தத் தீர்ப்பு தீர்க்காத ஒன்றும் இருக்கிறது: அறுந்துபோகும் இணைப்பு. மடிக்கணினி உறங்கினால் சுரங்கம் போகும், கெர்னல் போகாது. `tmux`க்குள் இருப்பதால் வீட்டில் வேலை ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் வழக்கமான அமைப்பில் விடைகளை `.ipynb` கோப்பில் எழுதுவது பிரவுசர், கெர்னல் அல்ல. டேபைத் திறந்தே வைத்து மறுபடி இணைந்தால், சர்வர் தேக்கிவைத்த விடைகள் பெரும்பாலும் வந்து சேரும். டேபை மூடிவிட்டால் இடையில் அச்சான வரிகள் போனவைதான். ஆறு மணிநேரப் பயிற்சியை நான் பிரவுசரை நம்பி ஓட்டுவதில்லை. சிறிய தரவில் நோட்புக்கைச் சரிபார்த்துவிட்டு, முழு ஓட்டத்தை `tmux`இல் இப்படிக் கொடுக்கிறேன்:

```
jupyter nbconvert --to notebook --execute \
  payirchi.ipynb --output mudivu.ipynb
```

இது பிரவுசர் இல்லாமலே எல்லாச் செல்லையும் ஓட்டி, விடைகளோடு புதுக் கோப்பாக எழுதும். நடுவில் மின்சாரம் போனால் அதுவும் போகும் என்பதால், மாடலின் இடைநிலையை நிரலே அவ்வப்போது வட்டில் சேமிக்க வேண்டும்.

மின்சாரம் இதில் இன்னொரு முடிவையும் கேட்கிறது. மின்சாரம் திரும்பியதும் கணினி தானாகத் தொடங்கும்படி பயாஸில் அமைத்திருக்கிறேன். முழு வட்டையும் மறையாக்கம் செய்திருந்தால், அது தொடங்கி, கடவுத்தொடர் கேட்டு, ஆளில்லாத அறையில் திரையை வெறித்துக்கொண்டு நிற்கும். டெயில்ஸ்கேல் அதற்குப் பிறகுதான் உயிர்பெறும் என்பதால் வெளியிலிருந்து எட்டவும் முடியாது. மறையாக்கம் செய்யாவிட்டால், கணினியையே யாராவது தூக்கிக்கொண்டு போனால் எல்லாம் அவர்களுக்கு. நான் இயங்குதளப் பகுதியைத் திறந்தும், தரவுப் பகுதியை மறையாக்கியும் வைத்திருக்கிறேன். கணினி தானாக எழுந்து வலைக்கு வரும். தரவை நான் எஸ்எஸ்எச் வழியே நுழைந்து, கடவுத்தொடர் கொடுத்து, கையால் ஏற்றிய பிறகே ஜூபிட்டரைத் தொடங்குவேன். மின்வெட்டு நடந்த ஒவ்வொரு நாளும் இது இரண்டு நிமிட வேலை.